மூன்றாவது கூட்டுத்தொகை

சந்திரகலாவுக்கு எளிதில் குமட்டாது. பதினான்கு வருடம் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டவள். மலம், சீழ், படுக்கைப் புண் எதுவானாலும் துடைத்துப் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவள். அப்படிப்பட்டவளுக்கு ஐப்பசிப் பௌர்ணமியன்று காலை பதினொன்றரை மணிக்கு, ஏசி ஓடும் அலுவலகத்தில், துடைத்து வைத்த மேசையின் முன்னால், கணினித் திரையைப் பார்த்து வயிற்றைப் புரட்டியது.

பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுகிற குடும்பம். பன்னிரண்டாவது முடித்து, ஆறு மாதம் செவிலியர் உதவியாளர் பயிற்சி எடுத்தாள். வேன் ஓட்டும் தசரதனைக் கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்தாள். நாற்பத்து மூன்றாவது வயதில், தொண்ணூறு கிலோ எடையுள்ள ஒருவரைத் தனியாளாகப் புரட்டிப் போட்டதில் முதுகில் வட்டு விலகியது. இனி ஆள் தூக்க முடியாது என்று மருத்துவர் சொன்னதும், வீடுகளுக்கு ஆள் அனுப்பிய நிறுவனம் அவளைக் கைகழுவப் பார்த்தது. அவள் அழவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து கணினிக் கணக்குப் படித்துச் சான்றிதழைக் கொண்டுவந்து முதலாளி மேசையில் வைத்தாள். ஒன்பது வருடமாக அங்கே சம்பளப் பட்டியல் முழுவதும் அவள் பொறுப்பு.

வீட்டோடு தங்கி முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிற நிறுவனம் அது. செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டி ஒரு மாடியில் இருக்கிறது. சாமி கும்பிட வந்து இங்கேயே தங்கிக் கிழடாகிப்போன வெளிநாட்டுக்காரர்கள், பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவர்கள் என்று வாடிக்கை நிறைய. வேலை செய்பவர்கள் நூற்று அறுபத்து மூன்று பேர். பெரும்பாலும் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். மாதம் பிறந்து ஐந்தாம் தேதி சம்பளம் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.

அந்த ஐந்தாம் தேதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கு உண்டு. வருகைப் பதிவு முடிந்து, பிடித்தம் போட்டு, மூன்றாம் தேதி சம்பளப் பட்டியல் முதலாளி அறிவுச்செல்வனிடம் போகும். அவர் பார்த்து ஒப்புதல் கொடுத்ததும் மென்பொருள் அந்தப் பட்டியலைப் பூட்டிவிடும். பிறகு யாரும் அதில் கை வைக்க முடியாது. கடைசிப் பக்கத்தில் மூன்று எண்கள் அச்சாகி வரும். முதலாவது எத்தனை பேர். இரண்டாவது மொத்தம் எவ்வளவு ரூபாய். மூன்றாவது, எல்லோருடைய வங்கிக் கணக்கு எண்ணிலும் கடைசி ஆறு இலக்கங்களை எடுத்துக் கூட்டிய தொகை. அந்த மூன்றாவதால் யாருக்கும் ஒரு ரூபாய் வராது, போகாது. கணக்கு எண்களைக் கூட்டி என்ன ஆகப்போகிறது? ஆனால் பட்டியலில் யாராவது ஒருவரின் கணக்கு எண் மாறினாலும் அந்தத் தொகை மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். வேலூரிலிருந்து வரும் ஆடிட்டர் பிடிவாதமாக வைக்கச் சொன்ன ஏற்பாடு அது. அந்தப் பக்கத்தில் அறிவுச்செல்வன் கையெழுத்துப் போடுவார்.

பூட்டிய பட்டியலிலிருந்து வங்கிக்கு அனுப்பும் கோப்பு உருவாகும். ஆளுக்கொரு வரி: பெயர், கணக்கு எண், வங்கிக் கிளையின் குறியீடு, தொகை. சந்திரகலா தன் கடவுச்சொல்லைப் போட்டு அதை வங்கியின் தளத்தில் ஏற்றுவாள். அறிவுச்செல்வன் தன் கடவுச்சொல்லைப் போட்டு, தன் போனுக்கு வரும் எண்ணையும் கொடுத்தால்தான் பணம் நகரும். ஏற்றுகிறவர் ஒருவர், ஒப்புகிறவர் இன்னொருவர். மாலை நான்கு மணிக்குள் இரண்டும் முடிந்தால் அன்றைக்கே எல்லோருக்கும் சேர்ந்துவிடும்.

ஏற்றுவதற்கு முன்னால் அவள் கோப்பை மறுபடி கூட்டிப் பார்ப்பாள். பயிற்சியில் படிந்த பழக்கம். மருந்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு தரம் பெயர் பார், கையில் கொட்டும்போது ஒரு தரம், வாயில் போடும் முன் ஒரு தரம் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் கையால் ஒரு தவறான மாத்திரை போனதில்லை.

வழக்கமாகக் கோப்பு உருவான கையோடு ஏற்றிவிடுவாள். இந்த மாதம் ஐந்தாம் தேதியே பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ், ஆட்டோ எதுவும் ஊருக்குள் வராது, அலுவலகத்துக்கு வந்து சேர்வதே பாடு என்று, நான்காம் தேதி சாயங்காலமே கோப்பை உருவாக்கி, அலுவலகத்தில் யாரும் திறக்கக்கூடிய பொதுக் கோப்புறையில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு ராத்திரி முழுக்க அது அங்கே கிடந்தது.

காலையில் கூட்டிப் பார்த்தாள். நூற்று அறுபத்து மூன்று பேர், சரி. இருபத்து நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய், சரி. மூன்றாவது தொகை இடித்தது.

முதலில் தன்னையே சந்தேகப்பட்டாள். பட்டியலையும் கோப்பையும் அச்செடுத்து, அளவுகோலை வைத்து வரி வரியாக இறங்கினாள். நான்கு வரிகளில் கணக்கு எண் மாறியிருந்தது. பெயர் அதேதான். தொகை அதேதான். நான்கிலும் ஒரே கணக்கு எண். வங்கி பெயரைப் பார்க்காது, எண்ணைப் பார்த்துத்தான் பணத்தைப் போடும். அந்த எண்ணை ஊழியர் விவரத்தில் தேடினாள். பிப்ரவரியில் வேலையை விட்டு நின்ற அப்பாசாமியின் கணக்கு. மேற்பார்வை மேலாளர் மூர்த்தியின் மைத்துனன்.

நான்கு பெயர்களையும் பார்த்தபோது அவளுக்கு இன்னொன்று புரிந்தது. நான்கு பேருமே கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாதவர்கள். வேலையில் சேர்ந்தபோது போன் இல்லை என்று, வங்கிக் கணக்கு திறக்கும் படிவத்தில் மூர்த்தி தன் நம்பரையே கொடுத்திருந்தான். அவர்களுக்குப் பணம் வந்த செய்தி, வராத செய்தி இரண்டும் மூர்த்தியின் சட்டைப் பைக்குத்தான் போகும். பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறான், சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி.

செப்டம்பர் மாதக் கோப்பைத் திறந்தாள். அந்த மாதம் தசரதனுக்குக் குடலிறக்க அறுவை என்று அவள் பத்து நாள் விடுப்பு. ஏற்றுகிற அனுமதியைத் தற்காலிகமாக மூர்த்திக்குக் கொடுத்திருந்தார்கள். அதிலும் அதே நான்கு வரி, அதே எண்.

குமட்டியது அப்போதுதான். மூர்த்தியை நினைத்து மட்டும் அல்ல. செப்டம்பரில் பாஞ்சாலை அவளிடம் வந்து நின்றிருந்தாள். நான்கு பேரில் ஒருத்தி. சம்பளம் வரவில்லை என்று கேட்டாள். சந்திரகலா வங்கிக் கணக்கில் ஆட்கள் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ஃபைல் ஒழுங்காகப் போயிருக்கிறது, உன் பேங்க்கில் போய்க் கேள் என்று விரட்டினாள். மூன்றாவது தொகையை அன்று அவள் கூட்டவில்லை. பத்தொன்பதாம் தேதி மூர்த்தி அந்த நான்கு பேருக்கும் ரொக்கமாகக் கொடுத்தானாம். வங்கிச் செலவு என்று ஆளுக்கு ஐந்நூறு பிடித்துக்கொண்டு, தானே அலைந்து வாங்கிவந்ததாகச் சொன்னானாம். பாஞ்சாலை அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாளாம். இதை அவளே வந்து சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

இந்த மாதம் பாஞ்சாலை நான்கு நாளைக்கு முன்பே, வேலை பார்க்கும் வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டுக் கேட்டிருந்தாள். அவள் மகள் கவிநிலா செய்யாற்றில் நர்ஸிங் படிக்கிறாள். தேர்வுக் கட்டணம் கட்ட ஆறாம் தேதி கடைசி நாள். "அஞ்சாந்தேதி கரீட்டா போட்ருவீங்கல்லக்கா?" என்று கேட்டதற்கு, கட்டாயம் போட்டுவிடுவேன் என்று சந்திரகலா சொல்லியிருந்தாள்.

அறிவுச்செல்வனிடம் சொல்லலாம் என்றால், அவர் பதினொரு மணிக்கே வாசல் வழியாகப் போய்விட்டார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அவர் கிரிவலம் போவார், வெறுங்காலோடு, போன் இல்லாமல். அலுவலகத்தைத் தாண்டும்போது போனை மூர்த்தி கையில் கொடுத்துவிட்டு நடப்பார். வங்கிக் கடவுச்சொல்லும் மூர்த்திக்குத் தெரியும். ஒப்புகிறவரின் போன் இன்னொருத்தர் கையில் இருப்பது சரியில்லை என்று அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மூர்த்தி நம்ம பையன் என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

மூர்த்தி பக்கத்து அறையில் நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது, நெற்றி நிறைய விபூதி. அவள் நான்கு வரிகளையும் முன்னால் வைத்தாள். அவன் அசரவில்லை.

"அவங்களே கேட்டாங்கக்கா. அக்கவுண்ட்ல ஏதோ பிராப்ளமாம், வேற அக்கவுண்ட்ல போடச் சொன்னாங்க. நான் கேஷா குடுத்துருவேன்."

"அப்படின்னு எழுதிக் குடுத்தாங்களா?"

"எழுதத் தெரிஞ்சாதான எழுதுவாங்க?" என்று சிரித்தான். "எப்படிக்கா கண்டுபுடிச்ச? டோட்டல் சரியாத்தான இருக்கும்?"

"மூணாவது நம்பரு."

"அது சீரியல் நம்பர்னு நெனச்சேன்" என்றான், பரீட்சையில் ஒரு மதிப்பெண் விட்டவன் மாதிரி.

பூட்டிய பட்டியலிலிருந்து கோப்பைப் புதிதாக எடுத்து ஏற்றப் போகிறேன் என்றாள். ஏற்று என்றான். ஆனால் போன் தன்னிடம் இருக்கிறது, தான் ஒப்புதல் கொடுக்க முடியாது என்றான். நான்கு பேருக்குக் கணக்கு மாற்றியதைத் தானே முதலாளிக்குச் சொல்லிக்கொள்வதாகவும், அவள் பழைய எண்ணில் போட்டுக் குழப்பினால் அதற்குத் தான் பொறுப்பில்லை என்றும் சொன்னான். அவன் மாற்றியதை ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் சம்பளம். இல்லையென்றால் இன்று ஒருத்தருக்கும் இல்லை.

"நாலு பேருக்காக நூத்தம்பத்தொம்பது பேர் வயித்துல அடிக்கிறியாக்கா? பௌர்ணமி அதுவுமா?"

அவன் வாயிலிருந்து பௌர்ணமி என்ற சொல் வந்ததும் அவளுக்கு அந்த அறையில் நிற்கப் பிடிக்கவில்லை. மூர்த்தி மாற்றிய கோப்பைத் தன் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டாள். அச்செடுத்த தாள்களையும் முதலாளி கையெழுத்திட்ட கடைசிப் பக்கத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டாள். கணினியைப் பூட்டினாள். அவள் கடவுச்சொல் இல்லாமல் எதையும் ஏற்ற முடியாது. பன்னிரண்டு மணிக்குச் செங்கம் ரோட்டில் இறங்கினாள்.

ரோடு முழுக்கத் தலை. வண்டி எதுவும் விடவில்லை. இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தாள். மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கங்களில் ஒன்றான எமலிங்கம் தாண்டி ரோடு மலைப் பக்கம் திரும்பியது. அன்னதானப் பந்தல் ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்தாள். அறிவுச்செல்வன் லிங்கத்துக்கு லிங்கம் உட்கார்ந்து போகிறவர், வேகமாக நடக்க மாட்டார் என்று தெரியும். நிருதி லிங்கத்தருகே ஒரு பந்தலில், மந்தார இலைத் தொன்னையில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மணி ஒன்று பத்து.

நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். தாள்களைக் காட்டினாள். அவர் கை கழுவிவிட்டு, பந்தல்காரரிடம் போன் வாங்கித் தன் நம்பருக்கே அடித்தார். மூர்த்தி எடுத்தான். அவன் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. அவர் முகம் தெளிவதைப் பார்த்தாள், என்ன சொல்லியிருப்பான் என்று தெரிந்துவிட்டது.

அந்த நான்கு பேரே கேட்டார்களாமே, நீ ஏன் பெரிதுபடுத்துகிறாய் என்றார். கேட்கவில்லை, செப்டம்பரிலும் இதேதான் நடந்தது, ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் அடித்திருக்கிறான் என்றாள். அவர் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"இப்ப அவன் சொல்ற மாதிரி போட்ரும்மா. மத்தவங்களுக்குப் போய்ச் சேரட்டும். இந்த நாலு பேர் விஷயத்த நாளைக்கு ஆற அமரப் பாத்துக்கலாம். நாலு பேர்தான?"

"அதுல ஒருத்தி பாஞ்சாலை, சார். உங்க அம்மாவ ரெண்டு வருஷம் பாத்துக்கினவ."

"நல்ல பொண்ணு" என்றார். அவ்வளவுதான். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார், நடையைத் தொடரத் தயாராக.

இந்த மனிதரின் தாய்க்கு முதுகில் புண் வந்து, புழு வைத்துவிடக் கூடாதென்று இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போட்டவள் பாஞ்சாலை. இவர் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். சந்திரகலா அதைச் சொல்லவில்லை. சொல்லி வீண். வேறு பக்கமாக வந்தாள்.

"சரி சார், போடறேன். ஆனா ஒண்ணு. இந்தப் பக்கத்துல இருக்கற கையெழுத்து உங்களுது. பணம் உங்க பாஸ்வேர்டுல, உங்க போனுக்கு வந்த நம்பர்லதான் போவும். நீங்க கையெழுத்து போட்டது ஒரு அக்கவுண்ட், அனுப்புனது வேற அக்கவுண்ட். ஆடிட்டரு கேட்டாலும் போலீஸ் கேட்டாலும் இதுல மூர்த்தி பேரு எங்கயும் வராது. செப்டம்பர்லயும் ஒப்புதல் உங்க பேருலதான் இருக்குது."

அவர் வேட்டியைத் தட்டுவதை நிறுத்தினார். தாளை வாங்கி முதல் முறையாக ஒழுங்காகப் படித்தார். தாயைத் துடைத்தவளுக்கு அசையாத மனிதர் தன் பேருக்கு அசைந்ததைப் பார்த்து, சந்திரகலாவுக்கு வாயில் கசந்தது. வேலை நடந்தால் சரி என்று விழுங்கிக்கொண்டாள்.

பந்தல்காரர் போனிலிருந்து மறுபடி மூர்த்தியை அழைத்து என் போனை உன்னிடம் கொடுக்கச் சொல்கிறேன், நீயே போய் ஏற்றி நீயே ஒப்புதலும் கொடுத்துவிடு என்றார். அவள் முடியாது என்றாள். இன்று மூர்த்தி செய்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

"நீங்க வரணும், சார்."

"இவ்ளோ தூரம் வந்துட்டு எதிர்ப்பக்கம் நடக்கச் சொல்றியா? மலைய இடம் வர்றதா? குடும்பத்துக்கு ஆவாது."

"நாலு மணி வரைக்கும்தான் பேங்க்ல எடுப்பாங்க. சுத்தி முடிச்சு வர்றதுக்குள்ள ராத்திரி ஆயிடும்."

அவர் வந்தார். வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தார். எதிரே வந்த கூட்டம் அவர்களை முறைத்தது. ஒரு கிழவி, புத்தி கெட்டதுங்க என்று உரக்கவே சொன்னாள். சந்திரகலாவின் முதுகிலிருந்து இடது கால்வரை சூட்டுக்கோல் வைத்த மாதிரி இழுத்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. தனக்கு வரவேண்டிய பலன் பாதியில் போய்விட்டதைப் பற்றியே பேசினார்.

அலுவலகம் வந்து சேர இரண்டே முக்கால். மூர்த்தி எழுந்து நின்றான். அறிவுச்செல்வன் அவனைத் திட்டவில்லை, அறையவில்லை. கையை நீட்டினார். அவன் போனைக் கொடுத்தான். அவ்வளவுதான் நடந்தது.

சந்திரகலா பூட்டிய பட்டியலிலிருந்து கோப்பைப் புதிதாக உருவாக்கினாள். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையெழுத்திட்ட பக்கத்தை அவர் கையில் கொடுத்தாள். "நீங்க படிங்க, நான் பாக்கறேன்" என்றாள். அவர் மூன்று எண்களையும் படித்தார். ஆள் எண்ணிக்கை சரி. தொகை சரி. மூன்றாவதை அவர் இலக்கம் இலக்கமாகப் படிக்க, அவள் திரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தாள். சரி. ஏற்றினாள். வங்கித் தளம் காட்டிய எண்ணிக்கையையும் தொகையையும் அவர் தாளோடு ஒப்பிட்டார். தன் கடவுச்சொல்லைத் தானே அடித்தார். போனில் வந்த எண்ணைப் போட்டார். மூன்று பத்துக்கு வேலை முடிந்தது.

எழுந்து போகப் பார்த்தவரை அவள் விடவில்லை. ஒரு வெள்ளைத் தாளில், நான்காம் தேதி உருவான கோப்பில் நான்கு வரிகள் திருத்தப்பட்டிருந்ததையும், அந்தக் கணக்கு எண்ணையும், அது யாருடையது என்பதையும், செப்டம்பரில் நடந்ததையும் எழுதி நீட்டினாள். கையெழுத்துப் போட்டால் இது ஆடிட்டர் ஃபைலில் போகும், போடாவிட்டால் நான் மட்டும் போட்டு அனுப்புவேன் என்றாள். பேனாவைத் தேடுவது போல நேரம் கடத்தினார். அவள் தன் பேனாவைத் திறந்து கொடுத்தாள். போட்டார். மூர்த்தியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, அவன் இல்லாவிட்டால் வீடுகளுக்கு ஆள் அனுப்ப யார் இருக்கிறார்கள், அந்த இரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறேன் என்றார். பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் கணக்கில் சேருமா என்று யாரையோ போனில் கேட்டுக்கொண்டே படியிறங்கினார்.

நாலரைக்குப் பாஞ்சாலைக்குப் பணம் ஏறிவிட்டது. பாஞ்சாலைக்குச் செய்தி வராது. அதனால் சந்திரகலா அவள் வேலை பார்க்கும் வீட்டுக்கே போன் போட்டாள்.

"ஏறிடுச்சாக்கா? மூர்த்தி சாருகிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

"இனிமே அவன்கிட்ட கேக்காத. செப்டம்பர்ல உன் சம்பளத்த எடுத்தவனே அவன்தான். அந்த ஐநூறயும் அவன்தான் தின்னான். பேங்க் இல்ல. நான் அப்ப சரியா பாக்காம உன்ன வெரட்டிட்டேன். தப்பு என்னுது."

"அவன் கால்ல வுழுந்தனேக்கா" என்றாள் பாஞ்சாலை.

நாளை பத்து மணிக்கு ஆதார் அட்டையும் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு பேங்க் வாசலுக்கு வா, மற்ற மூன்று பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன், போன் நம்பரை மாற்றணும் என்றாள் சந்திரகலா. தனக்குப் போன் இல்லையே என்றாள் பாஞ்சாலை. கவிநிலாவின் நம்பரைக் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று.

போனை வைக்கும்போது ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அண்ணாமலையார் படம், கீழே, பௌர்ணமி நன்னாளில் அனைவருக்கும் சம்பளம் குறித்த தேதியில் வழங்கப்பட்டது, இப்படிக்கு மூர்த்தி, மேலாளர். நிமிடத்துக்குள் எழுபது எண்பது கும்பிடும் கைகள். கடைசியாக முதலாளியிடமிருந்தும் ஒன்று.

சந்திரகலா அந்தக் குழுவின் சத்தத்தை அணைத்தாள். நான்கு பெயரையும் நான்கு கணக்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதி, பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டு, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.